குழாய் கையில் பட்டதா, படவில்லையா? ‘ஹார்ட்’டும் ‘ஹார்ட்லி’யும் செய்யும் குழப்பம்

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. ஒரு நாள் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இடக்கையில் கட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் தயங்கியபடி வந்து நின்றார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார்.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க. நாளைக்கு ஆபிஸ்ல குடுக்கணும். கை எப்படி அடிபட்டுச்சுன்னு எழுதித் தரச் சொல்லியிருக்காங்க.”

லாரியிலிருந்து இரும்புக் குழாய்களை இறக்கும்போது ஒரு குழாய் நழுவி அவருடைய கையில் பலமாக விழுந்திருக்கிறது. இரண்டு விரல் எலும்புகளில் முறிவு. அன்று வேலை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில்தான் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார். நடந்தது இவ்வளவுதான். தாளில் மூன்று வரிகள் இருந்தன. அவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

“ஐ வாஸ் ஸ்டாண்டிங் நியர்லி த லாரி. த பைப் ஹார்ட்லி ஹிட் மை ஹேண்ட். ஐ டோல்ட் மை சூப்பர்வைசர் லேட்லி.”

அவர் சொல்ல நினைத்தது: லாரிக்கு அருகில் நின்றேன், குழாய் என் கையில் பலமாக அடித்தது, மேற்பார்வையாளரிடம் தாமதமாகச் சொன்னேன். ஆங்கிலம் அறிந்தவர் அந்தத் தாளில் படிப்பது வேறு. முதல் வரி பொருளே தராது. மூன்றாவது வரி, ‘மேற்பார்வையாளரிடம் அண்மையில் சொன்னேன்’ என்று தொனிக்கும். நடுவரிதான் ஆபத்தானது. ‘குழாய் என் கையில் பட்டும் படாமலும் போனது’ என்று அது தெளிவாக, இலக்கணப் பிழை ஒன்றுமின்றிச் சொல்கிறது.

வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டை மருத்துவ மதிப்பீடுதான் முடிவு செய்யும். ஒரு சொல்லால் மட்டும் அது கைவிட்டுப் போகாது. ஆனாலும் எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிந்திருக்க, காயம்பட்டவரே கையெழுத்திட்ட தாளில் ‘லேசாகக்கூடப் படவில்லை’ என்று இருந்தால், அப்படியானால் எலும்பு எங்கே முறிந்தது என்று யாராவது கேட்பார்கள். தங்குவிடுதியிலா? கால்பந்து விளையாடும்போதா? அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தம்பிதான்.

எப்படி இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். முதலில் ‘ஹிட் மை ஹேண்ட் ஹார்ட்லி’ என்றுதான் எழுதினாராம். அறைத் தோழர் ஒருவர், ‘ஹார்ட்லி’ முன்னால் வந்தால்தான் கேட்க நன்றாக இருக்கிறது என்று மாற்றிவிட்டாராம். அந்தத் தோழரின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ‘ஹார்ட்லி’ இயல்பாக உட்காரும் இடம் வினைச்சொல்லுக்கு முன்புதான். வாக்கியத்தின் கடைசியில் கிடந்திருந்தால், ‘பலமாக என்று சொல்ல வந்து தவறாக எழுதிவிட்டார்’ என்று படிப்பவர் ஊகித்திருப்பார். இடம் சரியானதும் அந்த ஊகத்துக்கு வழியில்லாமல் போய்விட்டது. பிழையாகத் தெரிந்த வாக்கியம் திருத்தமான பொய்யாகிவிட்டது.

இந்தப் பிழை அந்தத் தம்பிக்கு மட்டும் உரியதன்று. இங்கே பிறந்து, ஆங்கிலத்திலேயே படித்த பிள்ளைகளின் கட்டுரைகளிலும் ‘மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்லி’ என்ற வரியைப் பார்த்திருக்கிறேன். அப்பா கடினமாக உழைக்கிறார் என்று பெருமையாக எழுத நினைத்த பிள்ளை, அப்பாவைச் சோம்பேறி ஆக்கிவிடுகிறது.

காரணம் நம் தமிழ்க் காதுதான் என்று நினைக்கிறேன். தமிழில் ‘ஆக’ என்ற ஈறு மிகவும் ஒழுங்கானது. வேகம், வேகமாக, அழகு, அழகாக, கடினம், கடினமாக. எங்கே சேர்த்தாலும் ஏமாற்றாது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடு ‘லி’ என்று பள்ளியில் கற்றுக்கொள்கிறோம். குவிக், குவிக்லி, ஸ்லோ, ஸ்லோலி. பிறகு ‘கடினமாக’ என்று மனம் சொன்னவுடன் கை தானாக ‘ஹார்ட்’டுக்குப் பின்னால் ‘லி’யை ஒட்டிவிடுகிறது.

உண்மையில் ஆங்கிலத்தில் வினையை விவரிக்க ஒரு காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், பெயரடையின் கடைசியில் ‘எ’ என்ற சிறிய உயிரொலியைச் சேர்த்தால் அது வினையடை ஆகிவிடும். ‘ஹெயர்ட்’ என்றால் கடினமான. ‘ஹெயர்டெ’ என்றால் கடினமாக. இன்னொரு வழி ‘லீச்’ என்ற ஈற்றோடு அந்த ‘எ’யைச் சேர்த்து ‘லீச்செ’ என்று முடிப்பது. அந்த ‘லீச்’ முதலில் ஒரு தனிச்சொல். உடல், உருவம் என்று பொருள். ஜெர்மன் மொழியில் பிணத்தைக் குறிக்கும் ‘லைஷெ’ அதன் உறவுச் சொல். ‘போல’ என்னும் பொருள்தரும் ஆங்கில ‘லைக்’கும் அதே குடும்பம்தான். இன்று நாம் யோசிக்காமல் ஒட்டும் ‘லி’க்குள் ஓர் உடல் படுத்திருக்கிறது.

கவிஞர் சாசர் 1400ல் மறைந்தார். ஏறத்தாழ அவர் காலத்தில் அந்தக் கடைசி ‘எ’ ஒலி பேச்சில் தேய்ந்துகொண்டிருந்தது. அடுத்த நூற்றாண்டில் மறைந்தே போனது. இதனால் ‘கடினமான’, ‘கடினமாக’ இரண்டும் ஒரே ‘ஹார்ட்’ ஆகிவிட்டன. வேறுபாடு காட்ட வேண்டிய இடங்களில் மக்கள் ‘லி’யை அதிகமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பெரும்பாலான சொற்களில் ‘லி’ வென்றது. சிலவற்றில் பழைய மொட்டை வடிவம் விடாப்பிடியாக நின்றது. ‘ஃபாஸ்ட்’ அப்படிப்பட்டது, இன்றைய ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்லி’ இல்லை. வேறு சில சொற்களில் இரண்டு வடிவமும் உயிர் பிழைத்தன. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு? ஒன்று பழைய வேலையை வைத்துக்கொண்டது. மற்றொன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. ‘ஹார்ட்லி’, ‘லேட்லி’, ‘நியர்லி’ மூன்றும் அப்படி வேலை மாறியவை.

இடையில் 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்களும் கொஞ்சம் குழப்பினார்கள். 1762ல் வெளிவந்த ராபர்ட் லோத்தின் இலக்கண நூல், ‘லி’ இல்லாத வடிவங்களை வினையடையாகப் பயன்படுத்துவதைப் பிழை என்றது. ‘லி’ போட்டால்தான் மரியாதையான ஆங்கிலம் என்ற எண்ணம் பள்ளிகளில் பரவியதில் இத்தகைய நூல்களுக்குப் பங்குண்டு. ‘வொர்க் ஹார்ட்’ என்பது ஏதோ கொச்சை போலவும் ‘ஹார்ட்லி’ என்பது அதன் படித்த வடிவம் போலவும் இன்றும் சிலருக்குத் தோன்றுகிறது. ‘வொர்க் ஹார்ட்’ முழுக்கச் சரியான, பழமையான ஆங்கிலம்.

சரி, ‘பலமாக’ என்று பொருள் தந்த ‘ஹார்ட்லி’, ‘அநேகமாக இல்லை’ என்ற இடத்துக்கு எப்படி வந்தது? எதிர்ப்பொருளுக்குத் தாவியது போலத் தெரிந்தாலும், அது படிப்படியாக நடந்தது. முதலில் ‘ஹார்ட்லி’ என்றால் கடுமையாக, வலிமையாக. ஒருவரைக் கொடுமையாக நடத்தினால் ‘ஹார்ட்லி’ நடத்தினார்கள் என்பார்கள். பழைய நூல்களில் இந்தப் பொருளை இன்றும் காணலாம். அடுத்து ‘சிரமப்பட்டு’ என்ற பொருள் வந்தது. சிரமப்பட்டு நடக்கும் காரியம் நடக்காமல் போவதற்கு மிக அருகில் நிற்கும் காரியம். நோயாளி சிரமப்பட்டு ஒரு வாய் சோறு சாப்பிட்டார் என்றால் அநேகமாகச் சாப்பிடவில்லை என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். 16ஆம் நூற்றாண்டிலிருந்து ‘ஹார்ட்லி’ அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கியது.

மாற்றம் முழுமை பெறாத காலத்தின் சாட்சி 1611ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இருக்கிறது. செல்வம் உடையவர்கள் இறைவனின் அரசுக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்று மாற்கு 10:23ல் இயேசு சொல்லும் இடத்தில், ‘ஹவ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஹார்ட்லி’ நிற்கிறது. இன்றைய பொருளை வைத்துப் படித்தால் அந்த வாக்கியம் பிடிபடாது. ‘எவ்வளவு சிரமப்பட்டு’ என்று எடுத்தால்தான் விளங்கும். 1982ல் அதே பைபிளைப் புதுப்பித்தவர்கள் ‘ஹார்ட்லி’யை எடுத்துவிட்டு ‘ஹார்ட்’ போட்டார்கள்.

இதே செல்வந்தரைப் பற்றி மத்தேயு 19:23லும் பேச்சு வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே நிற்கும் சொல் ‘அரிது’. இந்தச் சொல்லைத்தான் நான் வகுப்பில் பிடித்துக்கொள்கிறேன். ‘அரிது’ என்றால் இன்று நமக்கு முதலில் தோன்றுவது என்ன? எப்போதாவதுதான் நடக்கும், அபூர்வம் என்பதுதான். ‘அவர் கூட்டத்துக்கு வருவது அரிது’ என்றால் அநேகமாக வரமாட்டார். ஆனால் பழந்தமிழில் ‘அரிது’ என்றால் செய்வதற்குக் கடினமானது. திருக்குறளின் 664ஆவது பாடலில் ‘எளிய’ என்ற சொல்லுக்கு எதிராக வள்ளுவர் நிறுத்துவது ‘அரிய’ என்ற சொல்லைத்தான். கடினமானது எப்போதாவதுதான் நடக்கும். ஆகவே கடினம் என்ற சொல் நாளடைவில் அபூர்வம் ஆயிற்று. ‘ஹார்ட்’டிலிருந்து ‘ஹார்ட்லி’ நடந்து போன பாதையில் நம் ‘அரிது’ம் நடந்திருக்கிறது. தமிழ் இன்னும் ஓர் அடி போய், அபூர்வமானது உயர்ந்தது என்று கருதி, நல்ல சாப்பாட்டைப் பார்த்து ‘அருமை’ என்று சொல்கிறது. அந்த வீட்டுக்குள் ஆங்கிலச் சொல் நுழையவில்லை.

ஆக, ‘ஹார்ட்லி’ என்ற சொல்லைப் பார்த்தால் ‘கடினமாக’ என்று மொழிபெயர்க்காமல், வாக்கியத்தை ‘இல்லை’யில் முடித்துப் பாருங்கள். ‘ஷி ஹார்ட்லி ஈட்ஸ்’ என்றால் அவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ‘ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ’ என்றால் நீங்கள் பேசுவது அநேகமாகக் கேட்கவே இல்லை. உள்ளுக்குள் இப்படி ஓர் ‘இல்லை’ ஒளிந்திருப்பதால்தான் ‘நாட்’ என்ற சொல்லை அதனுடன் சேர்ப்பதில்லை. ‘சம்’ வரவேண்டிய இடத்தில் ‘எனி’ வருவதற்கும் அதுவே காரணம்: பணம் அநேகமாக இல்லை என்பதற்கு ‘ஹார்ட்லி எனி மணி’ என்பார்கள்.

இடத்தையும் கவனிக்க வேண்டும். ‘ஹார்ட்’ வினைக்குப் பின்னால் வரும்: வொர்க் ஹார்ட், ஹிட் ஹார்ட், ட்ரை ஹார்ட். ‘ஹார்ட்லி’ வினைக்கு முன்னால் வரும். ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’, ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்ற இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் காது பழகிவிடும். இதிலும் ஒரு விலக்கு உண்டு. இரண்டு சொல் இணைந்து பெயரடை ஆகும்போது ‘ஹார்ட்’ முன்னால் வரும். உழைத்துச் சம்பாதித்த பணம் ‘ஹார்ட் எர்ன்ட் மணி’. முன்னால் வந்துவிட்டதே என்று ‘லி’ சேர்த்தால், உழைக்காமல் வந்த பணம் என்ற அவப்பெயர் வந்து சேரும்.

மலாய் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ‘பெகெர்ஜா கெராஸ்’ என்று சொல்லும்போது ‘கெராஸ்’ என்ற சொல்லோடு எதையாவது ஒட்டுகிறோமா? கல் கடினமாக இருந்தாலும் உழைப்பு கடினமாக இருந்தாலும் அதே ‘கெராஸ்’தான். தாமதமாக வந்தால் ‘டத்தாங் லம்பாட்’. அங்கேயும் ஒட்டு இல்லை. ஆங்கில ‘ஹார்ட்’டும் ‘லேட்’டும் இந்த விஷயத்தில் தமிழைப் போல நடப்பதில்லை, மலாயைப் போல நடக்கின்றன. இதை வகுப்பில் சொன்னபோது, பல ஆண்டுகளாகக் கட்டுமானத் தளங்களில் மலாய் பேசிப் பழகிய ஒருவர் உடனே தலையாட்டினார்.

‘லேட்லி’யின் கதை இவ்வளவு நீளமில்லை. ‘லேட்’ முதலில் மெதுவான என்ற பொருள் கொண்ட சொல். மெதுவாக வருபவர் தாமதமாகத்தான் வருவார். அப்படி அது தாமதம் ஆயிற்று. பிறகு, பிந்தி வந்தது எதுவோ அதுவே இன்றைக்கு மிக அருகில் இருக்கிறது என்ற கணக்கில், அண்மைக் காலம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. கைப்பேசிக் கடையில் ‘லேட்டஸ்ட் மாடல்’ என்று கேட்கும்போது நாம் யாரும் மிகத் தாமதமான கைப்பேசியைக் கேட்பதில்லையே. தமிழிலும் ‘பிந்துவது’ தாமதிப்பது. ‘பிந்திய செய்தி’ என்றால் ஆகப் புதிய செய்தி. இப்படிச் சேர்ந்த இரண்டு பொருளில் தாமதத்தை ‘லேட்’ வைத்துக்கொண்டது. அண்மைக் காலத்தை ‘லேட்லி’ எடுத்துக்கொண்டது.

எனவே பேருந்து தாமதமாக வந்தால் ‘லேட்’ மட்டுமே. ‘லேட்லி’ என்பது கொஞ்ச நாளாக என்று நாம் சொல்லும் காலம்: சில வாரங்களுக்கு முன் தொடங்கி இன்றுவரை நீளும் ஒரு நிலை. ‘ஐ ஹேவ் பீன் டயர்ட் லேட்லி’ என்றால் கொஞ்ச நாளாகவே சோர்வாக இருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரே முறை நடந்து முடிந்த செயலோடு அது இன்றைய ஆங்கிலத்தில் சரியாகப் பொருந்தாது. அதற்கு ‘ரீசன்ட்லி’ இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் ‘லேட்லி’ சொன்னேன் என்ற வரி, தவறான பொருள் தருவதோடு காதுக்கும் உறுத்துவது அதனால்தான்.

மூன்றாவது இணை ‘நியர்’, ‘நியர்லி’. இதற்குத் தமிழில் அச்சாக ஓர் இணை இருக்கிறது. கிட்ட என்றால் அருகில். கிட்டத்தட்ட என்றால் ஏறக்குறைய. லாரி ‘கிட்ட’ நின்றேன் என்போம். லாரி ‘கிட்டத்தட்ட’ நின்றேன் என்று யாரும் சொல்லமாட்டோம். இடம் என்றால் ‘நியர்’, அளவு என்றால் ‘நியர்லி’. மலாய் ‘ஹம்பிர்’ இந்த இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்கிறது. பழைய ஆங்கில நூல்களில் ‘நியர்லி’ நெருங்கிய என்ற பொருளில், நெருங்கிய உறவினரைக் குறிக்க வருவதும் உண்டு. இன்று அது வழக்கொழிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

‘நியர்லி’யில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அது வினைக்கு முன்னால் வந்தால் அந்த வினை நடக்கவில்லை என்று பொருள். ‘ஐ நியர்லி ஃபெல்’ என்றால் விழவில்லை. நம் பேச்சில் ‘விழப் பார்த்தேன்’ என்று சொல்வோமே, அதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, பாதுகாப்புப் பயிற்சிக்குப் போன எல்லோருக்கும் தெரிந்த ‘நியர் மிஸ்’ என்ற தொடரைப் பாருங்கள். மேலிருந்து ஒரு சுத்தியல் விழுந்தது, கீழே நின்றவர்மீது படவில்லை, ஆனால் பட்டிருக்கலாம். அதுதான் நியர் மிஸ். இங்கே ‘மிஸ்’ பெயர்ச்சொல், தவறிப்போதல். ‘நியர்’ பெயரடை. மிக அருகில் வந்து தவறிப்போனது என்று பொருள்.

இந்தத் தொடரை வினையாக்கி, ‘த ஹாமர் நியர்லி மிஸ்ட் த வொர்க்கர்’ என்று அறிக்கையில் எழுதினால் என்ன ஆகும்? ‘நியர்லி’ வந்தால் வினை நடக்கவில்லை. இங்கே நடக்காத வினை, தவறிப்போவது. தவறவில்லை என்றால்? சுத்தியல் ஊழியர்மீது விழுந்துவிட்டது! யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுத வந்தவர், ஒருவர் அடிபட்டார் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார். ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுபவர்களும் இதில் தடுக்கி விழுவார்கள். சுத்தியல் படவில்லை என்று சொல்ல ‘நியர்லி ஹிட்’ என்றுதான் எழுத வேண்டும்.

எல்லா இணைகளும் இப்படிப் பிரிந்துவிட்டன என்று பயப்படத் தேவையில்லை. ‘ஸ்லோ’, ‘ஸ்லோலி’ இரண்டும் இன்னும் ஒரே பொருள்தான். ‘டீப்’, ‘ஹை’ போன்றவற்றில் கண்ணால் அளக்கக்கூடிய ஆழத்துக்கும் உயரத்துக்கும் மொட்டை வடிவமும், உணர்ச்சிக்கும் மதிப்புக்கும் ‘லி’ வடிவமும் பெரும்பாலும் வரும்: பறவை ‘ஹை’ பறக்கும், ஒருவரை ‘ஹைலி’ மதிப்பார்கள். ‘ஷார்ட்லி’ என்றால் சற்று நேரத்தில். விமான நிலையத்தில் அடிக்கடி கேட்கும் சொல் என்பதால் அதை யாரும் குறுகலாக என்று புரிந்துகொள்வதில்லை.

அன்று அந்தத் தம்பியின் தாளுக்குத் திரும்பினோம். முதல் வரியில் ‘நியர்லி’யின் வாலை வெட்டினோம்: ‘ஐ வாஸ் ஸ்டாண்டிங் நியர் த லாரி.’ இரண்டாவது வரியில் வாலை வெட்டி, சொல்லையும் கடைசிக்கு நகர்த்தினோம்: ‘த பைப் ஹிட் மை ஹேண்ட் ஹார்ட்.’ அதன்பின், எந்தக் கை, எந்த விரல்கள் என்பதையும் சேர்க்கச் சொன்னேன்; பலமாக என்ற சொல்லைவிட அது உறுதியான தகவல்.

மூன்றாவது வரியில் ‘லேட்லி’யை ‘லேட்’ ஆக்கினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் தாமதமாகச் சொன்னேன் என்று மட்டும் எழுதினால், எவ்வளவு தாமதம் என்ற கேள்வி நிற்கும். ஒரு மணி நேரமும் தாமதம்தான், ஒரு மாதமும் தாமதம்தான். அதனால் இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, மறுநாள் காலை எத்தனை மணிக்குச் சொன்னார் என்று நேரத்தையே எழுதினோம். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று ஒரு வரியும் வேண்டும் என்றேன்.

“வலி சரியாப் போயிடும்னு நெனச்சேன் அக்கா. ராத்திரிதான் கை வீங்குச்சு.”

“அதையே எழுதுங்க தம்பி.”

நான்கு வரிகளையும் அவர் கையாலேயே புதுத் தாளில் எழுதவைத்தேன். எழுதி முடித்துப் பழைய தாளைக் கசக்கப் போனவர், நிறுத்தி, அதை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

“திருத்திக் குடுத்தானே, அவன்கிட்ட காட்டணும்.”